படம் மட்டும் வந்தது



இந்த இதழுக்கு வந்த கடிதங்களோடு சிட்னியின் லிட்கமிலிருந்து ஒரு படமும் வந்திருந்தது. படம் மட்டும்தான். ‘இது என்ன?’ என்றோ, ‘இது சரியா?’ என்றோ ஒரு வரிகூட இல்லை.

படத்தில் ஒரு மேசை. அதன் மேல் இரும்பு ஸ்டாண்ட். ஸ்டாண்டின் கிளாம்ப் ஓர் உருண்டை அடிக் குடுவையின் கழுத்தைப் பிடித்திருக்கிறது. குடுவையின் அடிப்பாகம் தண்ணீர் நிறைந்த பீக்கருக்குள் இறங்கியிருக்கிறது. பீக்கர் மின்சார ஹாட் பிளேட்டின் மேல் இருக்கிறது. குடுவையின் வாயில் ஒரு கண்ணாடிக் கண்டென்சர் செங்குத்தாக நிற்கிறது. அதிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் போகின்றன. குடுவைக்குள் கால்வாசிக்கு நிறமற்ற ஒரு திரவம். கண்டென்சரின் மேல் முனையருகே கறுப்பாக ஏதோ தெரிகிறது. அது என்னவென்று பெரிதாக்கிப் பார்த்தும் புரியவில்லை. மேசையின் ஓரத்தில், படத்தின் விளிம்பில் பாதி வெட்டுப்பட்டு, ஒரு பன்சன் அடுப்பு.

எங்கள் அலுவலகத்தில் உடனே இரண்டு கட்சியாகிவிட்டது. ‘இது பன்னிரண்டாம் வகுப்புப் பரிசோதனை. எப்படி வேலை செய்கிறது என்று அரைப் பக்கம் எழுதினால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பயன்படும்’ என்றார் ஒருவர். ‘எங்கே எடுத்த படம், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் செய்முறை சொல்வதா? முதலில் கேள்வி கேளுங்கள்’ என்றார் மற்றவர். இருவர் சொன்னதும் சரிதான். இந்த அமைப்பில் ஒவ்வொரு பொருளும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று ஒழுங்காக விளக்கினாலே பாதுகாப்புக் கேள்விகளில் பெரும்பாலானவை அந்த விளக்கத்துக்குள் வந்துவிடும். விளக்கத்தில் அடங்காமல் மிஞ்சும் சிலவற்றைத்தான் படம் அனுப்பியவரிடம் கேட்க வேண்டும். இந்தப் பக்கத்தில் அந்த வரிசையிலேயே போகிறேன்.

கண்டென்சர் சாய்வாக இருந்து, அதன் மறுமுனையில் இன்னொரு குடுவை இருந்தால் அது வாலைவடித்தல். இங்கே அது நேராக நிற்கிறது. கீழேயிருந்து மேலே போகும் ஆவி குளிர்ந்து திரும்பவும் அதே குடுவைக்குள் விழும். சோற்றுப் பானையின் மூடியில் நீராவி துளியாகி மீண்டும் பானைக்குள்ளேயே சொட்டுவது போலத்தான். இதற்கு ரிஃப்ளக்ஸ் என்று பெயர். ஒரு வினை நடக்கச் சூடு வேண்டும், நேரமும் வேண்டும். ஆனால் சூடாக்கினால் பொருள்கள் ஆவியாகிப் போய்விடும் என்றால், இந்த அமைப்பைத்தான் வைப்பார்கள்.

நியூ சவுத் வேல்ஸ் எச்.எஸ்.சி. வேதியியல் பாடத்தில் ஏழாம் பகுதியான கரிம வேதியியலில், பள்ளி ஆய்வகத்தில் எளிய எஸ்டர்களைத் தயாரிப்பது ஒரு செய்முறை. ஓர் ஆல்கஹாலையும் ஒரு கரிம அமிலத்தையும் சேர்த்து, வினையூக்கியாகக் கொஞ்சம் அடர் கந்தக அமிலம் விட்டு, அரைமணி நேரம் அல்லது அதற்கு மேல் ரிஃப்ளக்ஸ் செய்வார்கள். எஸ்டரும் தண்ணீரும் உண்டாகும். பழ வாசனைகளில் பலவற்றுக்கு எஸ்டர்களே காரணம் என்பதால் பிள்ளைகளுக்கு இது பிடித்த செய்முறை. எமில் ஃபிஷரும் ஆர்தர் ஸ்பையரும் 1895-இல் விவரித்த முறை இது.

படத்தில் இன்னொரு குறிப்பும் இருக்கிறது. குடுவை தண்ணீர்த் தொட்டியில் இருப்பதால் அதன் சூடு 100 பாகையைத் தாண்டாது. அந்தச் சூட்டில் நன்றாகக் கொதிக்க வேண்டுமென்றால் உள்ளே இருப்பது அதற்குக் கீழே கொதிக்கும் திரவமாக இருக்க வேண்டும். எத்தனால் 78 பாகையில் கொதிக்கும். அது அசிட்டிக் அமிலத்தோடு சேர்ந்தால் உண்டாகும் எத்தில் அசிட்டேட் 77 பாகையில் கொதிக்கும். பியூட்டனால் என்றால் 118 பாகை வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் அது சூடாக நிற்குமே தவிரக் கொதிக்காது. ஆகவே இது எத்தனாலாக இருக்கலாம் என்று ஊகித்தோம். ஊகம்தான். நிறமற்ற திரவம் எதுவாகவும் இருக்கலாம். மாநில சுகாதாரத் துறையின் தடயவியல், பகுப்பாய்வு ஆய்வகம் லிட்கமிலேயே இருக்கிறது. அங்கே எந்த வேதியியலாளரிடம் கேட்டாலும், நிறமில்லாத திரவத்தைப் படத்தில் பார்த்து இன்னதென்று சொல்ல மாட்டார். கருவியில் போட்டுப் பார்த்த பிறகே சொல்வார்.

இனி ஒவ்வொன்றாக வருவோம். முதலில் அந்த இரண்டு ரப்பர் குழாய்கள். கண்டென்சரில் தண்ணீர் கீழ்க்கையால் நுழைந்து மேல்கையால் வெளியேற வேண்டும். அப்போதுதான் வெளிக்கூடு முழுவதும் தண்ணீர் நிரம்பி நிற்கும். மேலேயிருந்து விட்டால் தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்து கீழே போய்விடும். கூடு பாதி காலியாகவே இருக்கும். ஆவி குளிராமல் மேலே ஏறிவிடும். படத்தில் கீழ்க்குழாய் தண்ணீர்க் குழாயை நோக்கிப் போகிறது, அது சரி. ஆனால் தண்ணீர் உண்மையில் ஓடுகிறதா என்று நிழற்படம் சொல்லாது. பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும்: கண்டென்சரின் உட்குழாயில் ஆவி துளியாகும் இடத்தில் ஈரமான வளையம் ஒன்று தெரியும். அது கீழ்ப்பாதிக்குள் நின்றால் நல்லது. மெல்ல மெல்ல மேலே ஏறினால் சூடு அதிகம், அல்லது தண்ணீர் போதவில்லை. உடனே சூட்டைக் குறைக்க வேண்டும்.

அடுத்தது, குடுவையின் அடியில் கிடக்க வேண்டிய சின்னப் பீங்கான் துண்டுகள். படத்தில் அவை தெரியவில்லை. இருந்தும் தெரியாமல் போயிருக்கலாம். வழுவழுப்பான கண்ணாடிக்குள் திரவம் கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்காமல் அமைதியாக நிற்கும். பிறகு திடீரென்று மொத்தமாகப் பொங்கி எழும். சொரசொரப்பான துண்டு உள்ளே இருந்தால் அதன் துளைகளிலிருந்து சிறு குமிழிகள் ஓயாமல் வந்து கொதி நிதானமாக நடக்கும். இதில் பிள்ளைகள் செய்யும் தவறு ஒன்று உண்டு. துண்டுகளைப் போட மறந்து, சூடாக்கத் தொடங்கிய பிறகு நினைவு வந்து, மேலேயிருந்து போடுவார்கள். அந்த நொடியிலேயே திரவம் கொதித்துப் பீறிட்டு வரும். மறந்தால் சூட்டை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, பிறகுதான் போட வேண்டும்.

மூன்றாவது கந்தக அமிலம். ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த பிறகு, கடைசியாக, சொட்டுச் சொட்டாக, குடுவையைச் சுழற்றிக்கொண்டே விட வேண்டும். கலக்கும்போதே அது சூட்டைக் கக்கும். ஒரே இடத்தில் கொட்டினால் அந்த இடம் மட்டும் கொதித்துத் தெறிக்கும். பள்ளி அளவுக்கு ஒரு மில்லிலிட்டர் போதும். ஒரு மில்லிலிட்டர்தானே என்று கண்ணாடி அணியாமல் விடுவதற்கில்லை. கண்ணுக்கு ஒரு துளியே அதிகம்.

நான்காவது, எங்களை நிறுத்தி வைத்த அந்தக் கறுப்புப் பொருள். கண்டென்சரின் மேல் முனை திறந்திருக்க வேண்டும். ‘ஆவி வெளியே போய்விடுமே, வாசனை வருமே, ஒரு ரப்பர் அடைப்பானால் மூடிவிடுவோம்’ என்று நினைப்பது இயல்பு. இந்த அமைப்பில் மிக ஆபத்தான நினைப்பும் அதுதான். ஒரு மில்லிலிட்டர் எத்தனால் அதன் கொதிநிலையில் முழுக்க ஆவியானால் ஏறக்குறைய அரை லிட்டர் இடத்தை அடைக்கும். இருபது மில்லிலிட்டர் கலவை உள்ள மூடிய கண்ணாடிக்குள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆவிக்குப் போக வழியில்லை. மூட்டு பிய்த்துக்கொண்டு பறக்கும், அல்லது கண்ணாடி வெடிக்கும். அப்போது வெளியே வருவது சூடான அமிலம், எளிதில் தீப்பற்றும் ஆவி, கண்ணாடிச் சில்லு, மூன்றும் சேர்ந்து. படத்தில் இருப்பது அடைப்பானா, வேறு ஏதாவதா என்று தெரியாதபோது ‘ஆம், சரியான அமைப்பு’ என்று ஒரு வரி எழுதினால்கூட அது தவறாகிவிடும்.

ஐந்தாவது, மூலையில் இருந்த பன்சன் அடுப்பு. எத்தனாலின் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேசையோடு ஒட்டித் தவழ்ந்து போய் எங்கோ எரியும் தீச்சுடரைத் தொட்டு, தீயோடு திரும்பி வரும். அறையின் சாதாரண வெப்பத்திலேயே தீப்பற்றுமளவு ஆவி அதிலிருந்து வந்துகொண்டிருக்கும். அதனால்தான் ஹாட் பிளேட்டும் தண்ணீர்த் தொட்டியும். பன்சன் அடுப்பு எரியாமல் சும்மா இருந்ததா, அடுத்த மேசைப் பிள்ளைகள் வேறெதற்கோ பற்ற வைத்திருந்தார்களா என்பதும் படத்தில் இல்லை.

ஆக, கண்ணாடி எப்படி நிற்கிறது என்பதைப் படம் நன்றாகவே காட்டியது. உள்ளே என்ன, மேலே திறந்திருக்கிறதா, அருகில் சுடர் எரிகிறதா, இது பள்ளியா வீடா என்ற நான்கைக் காட்டவில்லை. அந்த நான்கையும் கேட்டு, படம் அனுப்பியவருக்கு எழுதினோம்.

பதில் தொலைபேசியில் வந்தது. பேசியவர் ஒரு தந்தை, யாழ்ப்பாணத்துப் பேச்சு. ‘படத்தோட எழுதின துண்டும் வந்திருக்கும் எண்டு நினைச்சன் ஐயா’ என்று தொடங்கினார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. படம் பள்ளி ஆய்வகத்தில், வகுப்பு தொடங்கும் முன், ஆசிரியர் இருக்கும்போதே எடுத்தது. உள்ளே எத்தனாலும் அசிட்டிக் அமிலமும். கறுப்பாகத் தெரிந்தது இரண்டாவது கிளாம்பின் ரப்பர் உறை போட்ட விரல். கண்டென்சரைப் பிடித்துக்கொள்ள வைத்தது. வாய் திறந்துதான் இருந்தது. பன்சனுக்கு எரிவாயு இணைக்கப்படவில்லை. நான்குக்கும் நல்ல பதில். பிறகுதான் அவர் உண்மையில் கேட்க வந்ததைக் கேட்டார்: ‘பள்ளிக்கூடத்தில வாசனை சரியா வரேல்லை. புளிச்ச வாசனைதான். வீட்டில மெத்தோவும் வினாகிரியும் இருக்கு. ஒருக்கா செய்து பாக்கலாமோ எண்டு பிள்ளை கேக்கிறாள்.’

படத்தை மட்டும் பார்த்து அரைப் பக்கச் செய்முறை எழுதியிருந்தால், பள்ளி மேசைக்குப் பொருந்தும் அந்த விளக்கம் ஒரு வீட்டுச் சமையலறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அதற்காக ‘கூடாது, ஆபத்து’ என்று மட்டும் சொல்லி முடித்துவிடவும் முடியாது. புத்தியுள்ள பிள்ளைக்கு அது பதிலே அல்ல. ஏன் கூடாது என்பதற்கும், பள்ளியில் ஏன் புளிப்பு வாசனை வந்தது என்பதற்கும் ஒரே கணக்கில் விடை இருக்கிறது.

எஸ்டர் வினை ஒரு பக்கமாக மட்டும் ஓடி முடியும் வினை அல்ல. எஸ்டரும் தண்ணீரும் உண்டாக உண்டாக, அவை இரண்டும் சேர்ந்து திரும்பவும் ஆல்கஹாலாகவும் அமிலமாகவும் மாறிக்கொண்டிருக்கும். இரண்டு வேகமும் சமமாகும் இடத்தில் கலவை நின்றுவிடும். எத்தனாலுக்கும் அசிட்டிக் அமிலத்துக்கும் இந்தச் சமநிலை மாறிலி ஏறக்குறைய 4. சம மோல் அளவில் கலந்தால், எவ்வளவு நேரம் சூடாக்கினாலும் மூன்றில் இரண்டு பங்குதான் எஸ்டராகும். அதாவது எத்தனால் 4.6 கிராம், அசிட்டிக் அமிலம் 6 கிராம் எடுத்தால் முழுமையாக நடந்தால் 8.8 கிராம் எஸ்டர் வர வேண்டும், உண்மையில் 5.9 கிராம் அளவில் நின்றுவிடும். மூன்றில் ஒரு பங்கு அசிட்டிக் அமிலம் அப்படியே குடுவையில் கிடக்கும். மகள் முகர்ந்த புளிப்பு அதுதான். பரிசோதனை தோற்கவில்லை; கழுவும் படி விட்டுப்போயிருக்கிறது.

ரிஃப்ளக்ஸ் முடிந்து ஆறிய பிறகு, கலவையைப் பிரிபுனலில் ஊற்றிச் சோடியம் கார்பனேட் கரைசலோடு குலுக்க வேண்டும். மிச்ச அமிலம் உப்பாகி நீர்ப்பகுதிக்குப் போய்விடும்; எஸ்டர் மேலே தனி அடுக்காக நிற்கும். இங்கேயும் செய்முறையும் பாதுகாப்பும் ஒன்றாகவே வருகின்றன. அமிலமும் கார்பனேட்டும் சேர்ந்தால் கரியமில வாயு பொங்கும். பிரிபுனலை மூடிக் குலுக்கிக்கொண்டே இருந்தால் அழுத்தம் ஏறி மூடி பறக்கும். முதலில் மூடாமல் மெல்லச் சுழற்றி நுரை அடங்கவிட்டு, பிறகு மூடி, ஒவ்வொரு குலுக்கலுக்குப் பின்னும் கவிழ்த்துக் குழாயைத் திறந்து வாயுவை விட வேண்டும். அதன் முனை யாருடைய முகத்தையும் பார்க்கக் கூடாது. இன்னொரு சிக்கல்: எத்தில் அசிட்டேட் தண்ணீரில் ஓரளவு கரையும், 100 மில்லிலிட்டருக்கு 8 கிராம் அளவு. கழுவும் தண்ணீரை அள்ளி ஊற்றினால் கிடைத்த 5.9 கிராமும் அதில் கரைந்து காணாமல் போகும், அடுக்கே பிரியாது. அதனால் கொஞ்சமாகக் கழுவுவார்கள். கடைசிக் கழுவலுக்கு நிறைசெறிவான உப்புக் கரைசலைப் பயன்படுத்துவார்கள்.

இப்போது வீட்டு வினாகிரிக்கு வருவோம். கடையில் விற்கும் வினாகிரியில் அசிட்டிக் அமிலம் நூற்றுக்கு நான்கைந்து பங்குதான், மீதி தண்ணீர். தண்ணீரோ இந்த வினையின் விளைபொருள். முதலிலேயே அவ்வளவு தண்ணீரைக் கொட்டி வைத்தால் வினை பின்னோக்கியே தள்ளப்படும். நான்கு சதவீத வினாகிரி 100 மில்லிலிட்டரோடு அதிலுள்ள அமிலத்துக்குச் சமமான எத்தனாலைச் சேர்த்து அதே மாறிலியில் கணக்குப் போட்டால், அமிலத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட எஸ்டராக மாறாது. நாள் முழுக்கக் கொதித்தாலும் இதே நிலைதான். ஆக வீட்டில் செய்தால் கிடைக்காத எஸ்டருக்காக, எரிவாயு அடுப்பு எரியும் சமையலறையில் மெத்தோவைச் சூடாக்குவதுதான் மிச்சம். தந்தையிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது அவருக்கு மேற்கொண்டு எச்சரிக்கை தேவைப்படவில்லை.

மெத்தோ என்று இங்கே எல்லோரும் சொல்லும் மெதிலேட்டட் ஸ்பிரிட், சூப்பர் மார்க்கெட்டிலும் வன்பொருள் கடையிலும் லிட்டர் கணக்கில் கிடைக்கும். பெரும்பகுதி எத்தனால்தான். தண்ணீர் போலவே தெளிவாக இருக்கும். அதன் சுடர் வெளிர்நீலம். வெயிலில் பார்த்தால் எரிகிறதா அணைந்துவிட்டதா என்றே தெரியாது. ‘அணைந்துவிட்டது’ என்று நினைத்துப் போத்தலிலிருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றும்போது சுடர் ஆவியின் வழியே போத்தலுக்குள் ஏறி, எதிரே நிற்பவர் மீது தீயாகப் பீய்ச்சும். எத்தனாலால் நேரும் பள்ளி விபத்துகளில் ஆசிரியர்கள் அஞ்சும் ஒன்று இது.

சிட்னியில் நம் கண்ணெதிரே நடந்த ஒன்றை இங்கே நினைவுபடுத்த வேண்டும். 2022 நவம்பர் 21 அன்று மான்லி வெஸ்ட் தொடக்கப் பள்ளியில் ‘சர்க்கரைப் பாம்பு’ என்ற பரிசோதனையை வெளியில் செய்து காட்டினார்கள். சர்க்கரையையும் சமையல் சோடாவையும் கலந்து மணலில் வைத்து எரிபொருள் ஊற்றிப் பற்ற வைத்தால், கரி பாம்பு போல நெளிந்து மேலே வளரும். சோடாவிலிருந்து வரும் வாயு, எரியும் சர்க்கரையின் கரியை ஊதிப் பெருக்குவதால் வரும் வேடிக்கை அது. அன்று பலத்த காற்று. எரியும் பொருள் காற்றில் சிதறியது என்று ஆம்புலன்ஸ் அதிகாரிகள் அன்றே சொன்னார்கள். பதினோரு பிள்ளைகள் மருத்துவமனைக்குப் போனார்கள். இருவருக்குக் கடுமையான தீக்காயம்.

அந்தப் பரிசோதனைக்கு வேண்டிய பொருள்களின் பட்டியலில் பயமுறுத்தும் பெயர் ஒன்றுகூட இல்லை. சர்க்கரை, சோடா, மணல், எரிபொருள். செய்முறையை ஒருவர் எழுதினால் நான்கு வரி. காற்று என்பது அந்த நான்கு வரியில் எங்கும் இருக்காது. பிள்ளைகள் எவ்வளவு தூரத்தில் உட்கார வேண்டும் என்பதும் இருக்காது. முதல் நாள் நன்றாக நடந்த அதே செய்முறை, அடுத்த நாள் வேறு காற்றில் வேறொன்றாகிவிடும். இங்குள்ள பள்ளிகளில் ஒவ்வொரு செய்முறைக்கும் முன்னால் ஆபத்து மதிப்பீடு எழுதுவது இதற்காகத்தான். இந்த வகுப்பில், இந்த அறையில், இந்த அளவில், இன்று செய்தால் என்ன நடக்கலாம் என்று எழுத வேண்டும். நேற்று எழுதியதை நகல் எடுத்துக் கையெழுத்துப் போட்டால் அந்தத் தாளுக்கு வேலையே இல்லை.

நம் தலைமுறைப் பெற்றோருக்கு இது கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றலாம். பிப்பெட்டை வாயால் உறிஞ்சிப் பழகியவர்கள் நாம். கிப் உபகரணத்திலிருந்து வந்த அழுகிய முட்டை வாடையில் நின்றுதான் உப்புப் பகுப்பாய்வு செய்தோம். கண்ணாடியும் அணியவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று பிள்ளைகளிடம் சொல்வதுண்டு. அந்த வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்மையில் நச்சு வாயு; அதன் செறிவு கூடினால் மூக்கு அதை முகரும் திறனையே இழந்துவிடும். வாடை போய்விட்டது என்று நாம் நிம்மதியடையும் நேரம்தான் அதிக ஆபத்தான நேரம். ‘எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்பதைப் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாகத் தராதீர்கள்.

அப்படியானால் லிட்கம் மகளுக்கு என்ன வழி? வழி உண்டு, அதுவும் பள்ளிக்குள்ளேயே. எச்.எஸ்.சி. வேதியியலில் ஒவ்வோர் ஆண்டும் குறைந்தது 15 மணி நேரம் மாணவர் தாமே ஒரு கேள்வியை எடுத்து ஆராயும் ஆழ்படிப்புக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவருக்குக் கிடைத்த புளிப்பு வாசனையே நல்ல கேள்வி. ‘எத்தனாலை இரண்டு மடங்காக்கினால் புளிப்பு குறையுமா?’ அதே மாறிலி 4-ஐ வைத்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தாளும் பென்சிலுமாகக் கணக்குப் போடலாம்: அமிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு மாறியது, இப்போது நூற்றுக்கு 85 பங்கு அளவுக்கு ஏறும். இந்தக் கணிப்பு சரியா என்று பார்க்க வாசனை போதாது. வினைக்குப் பிறகு மிஞ்சிய அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடால் டைட்ரேஷன் செய்து அளக்கலாம். அதில் ஒரு பொறி இருக்கிறது: வினையூக்கியாக விட்ட கந்தக அமிலமும் அந்த அளவீட்டில் சேர்ந்துகொள்ளும். அசிட்டிக் அமிலம் இல்லாமல், கந்தக அமிலம் மட்டும் அதே அளவில் விட்ட ஒரு வெற்று மாதிரியையும் அளந்து கழித்தால்தான் விடை சரியாக வரும். திட்டத்தை எழுதி ஆசிரியரிடமும் ஆய்வக உதவியாளரிடமும் காட்டச் சொன்னோம். எந்தக் குடுவை, எந்தச் சூடு, எந்த அளவு என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். அந்த அறையில் நிற்கப்போகிறவர்கள் அவர்கள்.

இனிப் பரிசோதனைப் படங்களோ கேள்விகளோ அனுப்பும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூடவே மூன்று வரி எழுதுங்கள்: எங்கே எடுத்தது, உள்ளே என்னென்ன இருக்கிறது, அடுத்து என்ன செய்ய நினைக்கிறீர்கள். மூன்றாவது வரிதான் முக்கியம். நடந்து முடிந்த பரிசோதனையைப் பற்றி என்றால் தாராளமாக விளக்குவோம். நடக்கப்போவது பள்ளியில் என்றால், காரணங்களை விளக்கி, அளவுகளை ஆசிரியரிடம் விட்டுவிடுவோம். வீட்டில் என்றால், நாங்கள் முதலில் கேள்விதான் கேட்போம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, எவ்வளவு கவனித்தும் கை சுட்டுவிட்டால் செய்ய வேண்டியது. தீக்காயத்தின் மீது குழாய்த் தண்ணீர் 20 நிமிடம் ஓட வேண்டும். பனிக்கட்டி வேண்டாம், பற்பசை வேண்டாம், மாவு வேண்டாம், வெண்ணெய் வேண்டாம். உடனே செய்ய முடியாமல் போனாலும், காயம் பட்டு மூன்று மணி நேரத்துக்குள் தண்ணீர் காட்டினால் பலன் உண்டு. அமிலம் பட்டால் அந்த உடையைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் அதே போல நன்றாகக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்துக் கழுவிக்கொண்டே உதவிக்கு அழையுங்கள். இரசாயனம் எதுவாக இருந்தாலும் நச்சுத் தகவல் மையத்தின் எண் 13 11 26. இரவு பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 000. இந்த இரண்டு எண்களையும் இப்போதே எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். அழைக்கும்போது பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அதன் லேபிளைப் படித்துச் சொல்லுங்கள். அவர்கள் அதைக் கேட்பார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்